மாலையானால் கால் ஏன் கனக்கிறது?

ஜவுளிக்கடையில் பத்து ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் அவருக்குச் செருப்பு தளர்வாக இருக்கிறது. மாலை 6 மணிக்கு அதே செருப்பின் வார் தோலில் அழுந்தித் தடம் பதிக்கிறது. கெண்டைக்கால் கனத்துக் கடுகடுக்கிறது. இரவு படுத்து எழுந்தால் வீக்கம் வடிந்துவிடுகிறது. அதனால் ‘அசதிதான்’ என்று விட்டுவிடுகிறார். உண்மையில், படுத்தால் வடிவதும் நின்றால் திரும்ப வருவதும்தான் காலின் சிரைகள் பலவீனமாகி வருகின்றன என்பதற்கான முதல் அடையாளம்.

காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப, சிரைகள் வழியாக மேல்நோக்கி ஏற வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கு உரியது. அது அடிபம்பைப் போல இயங்குகிறது. நடக்கும்போது தசை இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை தளரும்போது ரத்தம் கீழே இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொள்கின்றன.

அசையாமல் நிற்பவருக்குக் கணுக்கால் அருகே சிரையின் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். வால்வுகள் நன்றாக இருப்பவர் நடக்கத் தொடங்கினால், சில அடிகளிலேயே அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே, பழுது நேர்வது காலில் பாரம் ஏறுவதால் அல்ல; தசை அசையாமல் மணிக்கணக்கில் நிற்பதால்தான். தொடர்ந்து அழுத்தம் தாங்கும் சிரை விரிகிறது. விரிந்தால் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. பிறகு நடந்தாலும் அழுத்தம் முழுமையாக இறங்காது. ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களில் கசிந்து வீக்கமாகிறது. குடும்பவாகு, பல பிரசவங்கள், உடல் பருமன் ஆகியவை இதை விரைவுபடுத்தும்.

வீட்டிலேயே கண்டறிய

கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, தையல் டேப்பால் காலையும் மாலையும் ஒரே இடத்தில் அளந்து ஒரு வாரம் குறித்துவையுங்கள். நம் விற்பனையாளருக்குக் காலையில் 22 செ.மீ., மாலையில் 23.5 செ.மீ. என்றும், விடுமுறை நாளில் வித்தியாசமே இல்லை என்றும் வந்தால், காரணம் நிற்பதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கணுக்காலின் உட்புறம் தோல் கருப்பது, அரிப்பு எடுப்பது, சிறு நீலக் கோடுகள் விரிவது ஆகியவை அடுத்த கட்டம். இதையும் விட்டுவிட்டால் அதே இடத்தில் எளிதில் ஆறாத புண் வரலாம். வால்வில் ரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறதா என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். இந்தப் பரிசோதனைக்கு ஊசி தேவையில்லை.

செய்ய வேண்டியவை

அரை மணிக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இருபது முறை போதும். இடைவேளையில் ஐந்து நிமிடமாவது நடங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்களை இதய மட்டத்துக்கு மேலே வைத்து 15 முதல் 30 நிமிடம் படுங்கள். முக்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தால் அந்த உயரம் கிடைக்காது.

அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன்பே அணிய வேண்டும். மாலையில் வீங்கிய காலில் மாட்டினால் பயன் குறைவு. சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், நடந்தால் கெண்டைக்காலில் வலி வருபவர்கள், பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று மருத்துவரிடம் பார்த்த பிறகே இதை அணியலாம். ரத்த ஓட்டம் குறைந்த காலை இறுக்கினால் ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நீர் மாத்திரை சிரைக் கோளாறைச் சரிசெய்யாது. பழுதடைந்த சிரையை லேசர் அல்லது கதிரலை வெப்பத்தால் மூடும் சிகிச்சைகளும் உண்டு.

எல்லா வீக்கமும் இதுவல்ல. ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுவாங்கலோ முக வீக்கமோ சேர்ந்திருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கலாம்; ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைப்பது அதன்படி கட்டாயம். கடை உரிமையாளர்களே, இருக்கை போடுவதோடு நின்றுவிடாமல் அதில் உட்காரவும், இடையிடையே நடக்கவும் உங்கள் ஊழியர்களை அனுமதியுங்கள்.