உலைச் சுவரை விட்டு எவ்வளவு வெப்பம் போகிறது?

மூடிய உலையின் உட்சுவரிலிருந்து வெளிவரும் கதிர்வீச்சு முழுவதும் அந்தச் சுவர் உமிழ்ந்தது அல்ல. எதிர்ச்சுவர்களிலிருந்து வந்து விழுந்து, திரும்பித் தெறிப்பதும் அதில் கலந்திருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடியில் வந்து விழும் ஆற்றல் ‘இர்ரேடியேஷன்’. அதன் குறியீடு G. அதே பரப்பை விட்டு வெளியேறும் மொத்த ஆற்றல், அதாவது உமிழ்வும் தெறிப்பும் சேர்ந்தது, ‘ரேடியோசிட்டி’; குறியீடு J.

சாம்பல் பரப்பு என்பது எல்லா அலைநீளத்திலும் ஒரே உமிழ்திறன் (ε) கொண்டதாகக் கொள்ளப்படும் பரப்பு. அதன் உட்கவர்திறனும் ε தான். ஒளி ஊடுருவாத சுவரானால், உட்கவர்ந்தது போக மிச்சம் அனைத்தும் தெறிக்கும். Eb என்பது அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருளின் உமிழ்வு.

J = εEb + (1−ε)G

சுவரின் வெப்பநிலை 1000 கெல்வின், ε = 0.8, G = 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். Eb 56.7 கிலோவாட். உமிழ்வு 45.36, தெறிப்பு 6; ஆக J = 51.36. சுவர் நிகரமாக இழப்பது J−G, அதாவது சதுர மீட்டருக்கு 21.36 கிலோவாட். G-யை நீக்கிவிட்டால் இதே விடை வேறு வடிவில் கிடைக்கும்:

q = A(Eb−J)ε/(1−ε)

மின்சுற்றில் மின்தடை போல, (1−ε)/(εA) இங்கே பரப்பின் தடை. கரும்பொருளுக்கு அது சுழியம். அங்கே J-யும் Eb-யும் ஒன்றே.

நடைமுறையில் பலர் சறுக்கும் இடம் வெப்பமானி. மொத்தக் கதிர்வீச்சை அளக்கும் பைரோமீட்டர் காண்பது J-யை. அதை உமிழ்வு என்றே எண்ணி 0.8-ஆல் வகுத்தால், இந்தச் சுவர் சுமார் 1032 கெல்வின் என்று காட்டும். தெறித்த பங்கைக் கழித்த பிறகே உண்மையான 1000 கெல்வின் கிடைக்கும்.