வேம்புக்குத் தெரியாத காம்பவுண்ட் சுவர்

கோவை நண்பர் ஒருவர் மொட்டை மாடியிலிருந்து செல்போனில் எடுத்த படம் அது. பக்கத்து வீட்டு வேம்பின் கிளை ஒன்று காம்பவுண்ட் சுவரைத் தாண்டி, அவர் வீட்டு ஓட்டுக் கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பும் சமயம். "நம்ம பக்கம் வந்ததை நாமளே வெட்டிக்கலாமுங்களே, லெட்டர் எதுக்குங்க?" என்கிறார்.

சட்டம் அவர் பக்கம்தான். எல்லை தாண்டிய கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம் என்று 1894இல் லெமன் – வெப் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களிலும் அதை எடுத்துக்காட்டுவதுண்டு.

சிக்கல் மரத்திடம் இருக்கிறது. மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தடுப்பு எழுப்பி, வெளியே புதுக் கட்டையால் மூடிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். அந்தத் தடுப்பு பலமாக அமைவது கிளை தொடங்கும் இடத்தில் உப்பியிருக்கும் கழுத்தில். வெட்டு அந்தக் கழுத்தை ஒட்டி, அதைத் தொடாமல் விழ வேண்டும்.

நண்பரின் மரத்தில் அந்தக் கழுத்து சுவருக்கு நாலடி உள்ளே இருக்கிறது. சுவரோடு நறுக்கினால் நாலடி மொட்டைக் கட்டை மிஞ்சும். அதை மூட மரத்தால் முடியாது; நுனியிலிருந்து உளுத்து வரும். பக்கத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. பெருத்தபின் காற்றுக்கு முதலில் முறிவது அவைதான். ஆக, சரியான வெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

மாடியிலிருந்து எடுத்த படம் இதற்குப் போதாது. முன்னால் நீட்டிய நுனி பெருத்தும், முக்கியமான கவை சிறுத்தும் தெரியும். கீழே போய், கிளை பிரியும் இடத்தைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். கவை விரிந்திருந்து, அதன்மேல் பட்டை மேடாக எழும்பியிருந்தால் பிடிப்பு நல்லது. ஒடுங்கிய கவையில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தாலோ, கீறல் தெரிந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. உள்ளே பொந்து இருக்கிறதா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. மரச்சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டியதுதான்.

இரண்டாவது படத்தோடு போன கடிதம்:

"அண்ணாவுக்கு வணக்கமுங்க. உங்க வேம்போட கிளை ஒண்ணு எங்க ஓட்டு மேல சாஞ்சிருக்குதுங்க. படம் வெச்சிருக்கறேன். ஆடிக் காத்துக்கு முன்னால எடுத்துட்டா ரெண்டு வீட்டுக்கும் நல்லதுங்க. சுவரோட வெட்டுனா மரம் கெட்டுப்போகும். கவைகிட்ட, அந்த உப்பலை விட்டு அறுக்கணுமுங்க. மொதல்ல ஒரு முழம் தள்ளி அடியில கால்வாசி அறுத்து, அதுக்குக் கொஞ்சம் வெளிய மேலிருந்து அறுத்தா பட்டை உரியாம கிளை விழுந்துரும். மிச்சத்தைக் கடைசியா எடுக்கலாமுங்க. தார் பூச வேண்டாம். அது உளுக்கறதைத் தடுக்காதுங்களாமா. ஆள் கூலி நான் குடுத்தர்றனுங்க. விறகு உங்களுதுங்க."