ஐந்தாம் செமஸ்டருக்கு நான்கு வாக்கியம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. படிக்க விண்ணப்பிப்பவர்களில் பலருக்கு டிசம்பர் முதல் பாதிக்குள் கடைசித் தேதி வந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் எஸ்ஓபி எழுதும் காலம். என்ன ஆராயப்போகிறேன், அதற்கு என்ன தகுதி இருக்கிறது என்று இரண்டு பக்கத்தில் சொல்லவேண்டிய அறிக்கை அது. நீண்டகால நோயோடு வாழும் மாணவர்களுக்கு இந்த இரண்டு பக்கம் கூடுதலாக ஒரு கேள்வியைக் கொண்டுவந்து போடுகிறது. நோயைப் பற்றி எழுதுவதா? எழுதினால் எவ்வளவு?

வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும். "வெளியே மூச்சு விடாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது வம்பு" என்று அம்மா சொல்வார், பெண்ணாக இருந்தால் இன்னும் அழுத்தமாக. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசகரிடம் போனால் நேர் எதிரான பதில் கிடைக்கும். "அவங்களுக்குப் போராட்டக் கதைன்னா ரொம்பப் பிடிக்கும்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்தே ஆரம்பி." இருவருமே நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கையை யார் படிக்கிறார்கள், எதைத் தேடிப் படிக்கிறார்கள் என்று இருவருமே யோசிப்பதில்லை.

படிப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர். அவர்கள் முன்னால் நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் இருக்கும். இந்த மாணவி ஆய்வு செய்யத் தெரிந்தவளா, ஐந்தாறு வருடம் ஒரு கேள்வியோடு உட்காருவாளா, யாருடைய ஆய்வகத்துக்குப் பொருந்துவாள் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலும் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே நோயைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை மனசாட்சியிலிருந்து தொடங்காமல் மதிப்பெண் பட்டியலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பட்டியலைப் பார்ப்பவருக்கு 'இங்கே என்ன ஆயிற்று?' என்ற கேள்வி வருமா? வரும் என்றால் பதில் சொல்லவேண்டும். வராது என்றால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

பலருடைய அனுபவத்தைச் சேர்த்து ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பயோடெக்னாலஜி படித்தவள். முதல் நான்கு செமஸ்டரும் எட்டரையை ஒட்டிய ஜிபிஏ. ஐந்தாவதில் 6.2. ஆறாவதில் ஒரு அரியர். ஏழாவதிலும் எட்டாவதிலும் ஒன்பதை ஒட்டி மீண்டுவிட்டாள். இறுதியாண்டு புராஜெக்ட், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியைப் பற்றியது.

ஐந்தாம் செமஸ்டரில் அவளுக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் எடைக்குறைவும் வந்தன. நம் ஊரில் இப்படி வந்தால் குடல் காசநோயோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. காசநோய் இங்கே பரவலாக இருப்பது ஒரு காரணம். குடல் காசநோயும் கிரோன் நோயும் கொலனோஸ்கோப்பியிலும் திசுப் பரிசோதனையிலும்கூடப் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்றுபோலத் தெரிவது இன்னொரு காரணம். அதனால் காசநோய் மருந்தைக் கொடுத்து, குணம் தெரிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அவளுக்குக் குணம் தெரியவில்லை. ஆறாம் செமஸ்டரில் குடல் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை நடந்தது. கிரோன் நோய் என்பது அப்போதுதான் உறுதியானது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். நோய் கட்டுக்குள் இருக்கிறது.

அவளுடைய முதல் வரைவில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கதைதான். தவறிய நோய்க்கணிப்பு, அறுவை சிகிச்சை அறை, அப்பாவின் கண்ணீர், மறுபடி கல்லூரிக்குப் போன நாள் எல்லாம் இருந்தன. எழுத்தும் உண்மையானது. ஆனால் படித்து முடித்தவருக்குக் குடல் நினைவிருக்கும், நொதி நினைவிருக்காது. கூடவே, அவர் வாய்விட்டுக் கேட்கக்கூடாத ஒரு கேள்வியும் மனதில் விழுந்துவிடும். மறுபடி படுத்துவிடுவாளோ?

கேட்கக்கூடாது என்பது சட்டம். 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் உடல்நிலையைக் காரணம் காட்டித் தகுதியுள்ள ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கின்றன. சில விதிவிலக்குகள் தவிர, இடம் கொடுப்பதற்கு முன்னால் 'உங்களுக்குக் குறைபாடு உண்டா?' என்று விசாரிக்கவும் 504-ஆம் பிரிவின் விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் விண்ணப்பிப்பவர் தாமாக எழுதியதைக் குழுவில் எல்லோரும் படிக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் வரும் கடிதத்தில் பெரும்பாலும் காரணம் இருக்காது. நோயால்தான் ஒதுக்கினார்கள் என்று நிரூபிப்பது மிகக் கடினம். சட்டத்தை நம்பி எழுதுபவர்கள் இந்த எல்லையையும் தெரிந்துகொண்டு எழுதவேண்டும்.

அவளுடைய பட்டியலில் பள்ளம் இருக்கிறது. ஆகவே அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நின்றது நான்கு வாக்கியம். தமிழில் அதன் சாரம் இது:

"ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் என் மதிப்பெண் குறைந்ததற்கு அப்போது தொடங்கிய ஓர் உடல்நலக் கோளாறும் அதற்கான அறுவை சிகிச்சையும் காரணம். நோய் கண்டறியப்பட்டு, தொடர் சிகிச்சையில் கட்டுக்குள் இருக்கிறது. அதன் பிறகு வந்த இரண்டு செமஸ்டர்களிலும் எந்தப் பாடத்தையும் தள்ளிவைக்காமல் படித்து, ஒன்பதை ஒட்டிய ஜிபிஏ பெற்றேன். மேலே சொன்ன நொதி ஆய்வை முழுக்க இந்தக் காலத்தில்தான் செய்தேன்."

நோயின் பெயர் இதில் இல்லை. பெயர் தெரிந்தால் படிப்பவர் இணையத்தில் தேடுவார், தேடினால் அந்த நோயின் மிக மோசமான வடிவம்தான் முதலில் வந்து நிற்கும். அதற்காக 'சொந்தக் காரணங்களால்' என்று பூசி மெழுகவும் கூடாது. அந்தச் சொல்லுக்குள் காதல் தோல்வி முதல் ஒழுங்கு நடவடிக்கை வரை எதை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். உடல்நலம் என்று தெளிவாகச் சொல்லி, காலத்தையும் குறித்துவிட்டால் சந்தேகத்துக்கு வழியில்லை.

அவள் இரண்டாம் வாக்கியத்தில் முதலில் எழுதியிருந்தது 'முழுவதும் குணமாகிவிட்டேன்' என்று. அது பொய். கிரோன் நோய் அடங்கியிருக்கும், திரும்பவும் வரலாம். நாளை மருத்துவ விடுப்பு கேட்கவேண்டி வந்தால் இந்த வரி அவளுக்கு எதிராகவே நிற்கும். 'கட்டுக்குள் இருக்கிறது' என்பது உண்மை, போதுமானதும்கூட. பின்னிரண்டு வாக்கியங்கள் அந்த உண்மைக்குச் சான்று. சான்று இல்லாமல் முதலிரண்டை மட்டும் எழுதியிருந்தால் அது சாக்குப்போக்காகத் தெரிந்திருக்கும்.

இந்த நான்கு வாக்கியத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பல விண்ணப்பங்களில் 'கூடுதல் தகவல்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதுதான் சரியான இடம். எஸ்ஓபி முழுவதையும் ஆய்வுக்கே விட்டுவிடலாம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் எஸ்ஓபியின் பின்பகுதியில், புராஜெக்டைச் சொல்லி முடித்த பிறகு வைக்கலாம். முதல் பத்தியில் மட்டும் வேண்டாம். சில பல்கலைக்கழகங்கள் வாழ்க்கைப் பின்னணியைக் கேட்டு இரண்டாவதாக ஓர் அறிக்கை வாங்குகின்றன. அங்கே அவள் விரும்பினால் விரிவாகவே எழுதலாம், அவர்களே கேட்கிறார்கள்.

நோயோ குறைபாடோ ஆய்வுக்கே அடிப்படையாக இருந்தால் கதை வேறு. கிராட் வெர்மே மூன்று வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். சிப்பிகளையும் சங்குகளையும் விரலால் தடவிப் படித்தே உலகறிந்த உயிரியலாளர் ஆனவர். 504-ஆம் பிரிவெல்லாம் வருவதற்கு முன்பு, யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புக்கு நேர்காணலுக்குப் போனார். பார்வையில்லாதவர் எப்படிச் சமாளிப்பார் என்று தயங்கிய பேராசிரியர், அருங்காட்சியகத்திலிருந்து சங்குகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்து இனத்தின் பெயரைச் சொன்னார் வெர்மே. இடம் கிடைத்தது, 1971-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் விஷயத்தில் பார்வையின்மையை மறைத்துவிட்டு ஆய்வைப் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் அந்த விரல்தான் அவருடைய ஆய்வு முறை. நம் மாணவியும் குடல் நுண்ணுயிர்களை ஆராயப் போகிறவளாக இருந்தால் நோயின் பெயரை ஒரு வரியில் சொல்வதில் பொருள் உண்டு. மண் பாக்டீரியாவுக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை.

மனநோய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், நல்ல விண்ணப்பத்தையும் கெடுக்கும் விஷயங்கள் எவை என்று கேட்டு எழுதியது. அதில் வந்த பதில்களில் ஒன்று, தன் மனநலப் பிரச்சினையை அறிக்கையில் எழுதுவது. மனத்தைப் படிப்பவர்களே அப்படிச் சொன்னார்கள். இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். அது மாறவேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் அதை மாற்றும் பாரத்தை இடம் கேட்டு நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மனச்சோர்வால் ஒரு செமஸ்டர் போயிருந்தாலும் 'உடல்நலக் காரணம்' என்று எழுதலாம். மனமும் உடல்நலத்தில் சேர்ந்ததுதான், அதில் பொய் எதுவும் இல்லை.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் பரிந்துரைக் கடிதம். மாணவி நான்கு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வாள். அவள்மேல் பாசம் வைத்த பேராசிரியர், 'கொடிய குடல் நோயோடு போராடிக்கொண்டே' என்று கடிதத்தைத் தொடங்கிவிடுவார். அதை அவள் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் விண்ணப்பிக்கும்போதே கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். அதனால் கடிதம் கேட்கப் போகும்போதே பேசிவிடவேண்டும். "சார், என் உடம்பைப் பத்தி நானே ரெண்டு வரி எழுதியிருக்கேன். நீங்க லேப்ல நான் செஞ்ச வேலையைப் பத்தி மட்டும் எழுதினா உதவியா இருக்கும்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அந்த நான்கு வாக்கியத்தின் பிரதியையும் கையோடு கொடுத்துவிடலாம்.

முழுவதையும் சொல்லவேண்டிய நேரம் இடம் கிடைத்த பிறகு வருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், கழிப்பறைக்கு அருகில் ஆய்வக மேசை, மருத்துவப் பரிசோதனை நாளில் வகுப்பிலிருந்து விலக்கு போன்ற ஏற்பாடுகளைச் செய்துதர ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று பொறுப்பாளரோ தனி அலுவலகமோ இருக்கும். அது சேர்க்கைக் குழு இல்லை. அங்கே கொடுக்கும் மருத்துவச் சான்றைப் பேராசிரியர்களுக்குப் பொதுவாகக் காட்டமாட்டார்கள். என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை மட்டும் தெரிவிப்பார்கள். அங்கே நோயின் பெயர் வேண்டும். அந்த நோயால் எதைச் செய்ய முடியவில்லை, அதற்கு என்ன ஏற்பாடு தேவை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சமீபத்திய கடிதமும் வேண்டும். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயும் மருந்தும் இருக்கும், இந்த விவரம் இருக்காது. மருத்துவரிடம் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

நிதியுதவியோடு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் பல, ஏப்ரல் 15 வரை மாணவரைப் பதிலுக்கு நெருக்குவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டுள்ளன. கடிதம் வந்த நாளிலிருந்து அந்தத் தேதி வரை உள்ள நாட்கள்தான் அவள் கேள்வி கேட்கும் காலம். பல்கலைக்கழகக் காப்பீட்டில் அவளுடைய ஊசி அடங்குமா, அவள் கையிலிருந்து எவ்வளவு போகும், முன் அனுமதி வாங்க எத்தனை வாரம் ஆகும் என்பதைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கவேண்டும். இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தால் உதவித்தொகையோடு இந்தப் பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.