கார்ட்லி எழுதாத 0.618

பங்குச் சந்தை சார்ட் பார்ப்பவர்களிடையே ‘கார்ட்லி’ வெகு பிரபலம். விலை X-இலிருந்து A-க்கு ஏறுகிறது, B-க்கு இறங்குகிறது, C வரை மறுபடி ஏறுகிறது, பிறகு D-க்கு இறங்குகிறது. அந்த D-இல் வாங்கலாம் என்பதுதான் இந்த வடிவம் சொல்லும் சேதி. இன்றைய விதிப்படி, X-இலிருந்து A வரை ஏறியதில் 0.618 பங்கு B-இல் இறங்கியிருக்க வேண்டும், D-இல் 0.786 பங்கு. பட்டர்ஃபிளையில் B 0.786-இல் நிற்கும், D, X-க்கும் கீழே 1.27 வரை போகும்.

எச்.எம். கார்ட்லி இந்த வடிவத்தை விவரித்த புத்தகம் 1935-இல் வந்தது. அதில் இந்த பிபனாச்சி விகிதங்கள் இல்லை. 1990களில் லாரி பெசவென்டோ, ஸ்காட் கார்னி போன்றவர்கள்தான் அவற்றைச் சேர்த்து, இறுக்கமான விதிகளாக்கினார்கள்.

விதி இறுக்கமாக இருந்தாலும், அளவெடுக்கும் கை இளக்கமாகவே இருக்கிறது. ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். X நாளில் அதன் குறைந்த விலை 100, முடிவு விலை 108. A 200, B 143. குறைந்த விலையிலிருந்து அளந்தால் 100 ரூபாய் ஏறியதில் 57 இறங்கியிருக்கிறது, விகிதம் 0.57. இது கார்ட்லி அல்ல. முடிவு விலையிலிருந்து அளந்தால் 92-க்கு 57, அதாவது 0.62. உடனே கார்ட்லி! சந்தையில் எதுவும் மாறவில்லை. அளக்கத் தொடங்கிய இடம் மட்டுமே மாறியது.

இன்னொரு சிக்கல், விகிதங்களின் எண்ணிக்கை. 0.382, 0.5, 0.618, 0.707, 0.786, 0.886 என்று ஆறு எண்கள். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் 0.03 சலுகை கொடுத்தால், 0.352 முதல் 0.916 வரையுள்ள தூரத்தில் ஏறத்தாழ 64 சதவீதம் ஏதோ ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். அந்த எல்லைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளி வைத்தாலும், மூன்றில் இரண்டு முறை அது ‘பிபனாச்சியில் திரும்பியது’ என்று சொல்லிவிடலாம்.

விலை 0.786-இல் திரும்பாமல் 0.886 வரை இறங்கினால், X-ஐயும் B-ஐயும் நகர்த்தி அதற்கு ‘பேட்’ என்று பெயர் சூட்டுவார்கள். இப்படித் தோற்ற கார்ட்லி கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. விலை திரும்பிய பிறகு எடுத்த படங்களைத்தான் பாடப் புத்தகங்களிலும் பார்க்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரே வழி, D வருவதற்கு முன்பே எழுதிவைப்பது. குறைந்த விலையா முடிவு விலையா, எவ்வளவு சலுகை, எங்கே ஸ்டாப் லாஸ், எங்கே லாபம் எடுப்பது என எல்லாவற்றையும் தேதியோடு குறியுங்கள். பிறகு தோற்றவை உட்பட ஒன்று விடாமல் எண்ணுங்கள். வேறு ஏதோ ஒரு விகிதத்தை, உதாரணமாக 0.73-ஐ, வைத்தும் அதே கணக்கைப் போடுங்கள். இரண்டும் ஒரே பலனைத் தந்தால், 0.786-க்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை. அந்தக் கணக்கைக் காட்டாத எவரிடமும் பணம் கட்டி இந்த வடிவங்களைக் கற்க வேண்டாம்.