ஸ்லைடுகளில் சிதறிய ஆதாரங்களை ஒரே பட்டியலாக்குவது எப்படி?

வேர்டில் அடிக்குறிப்பு இட ஒரு பொத்தான் உண்டு. எண்ணை அதுவே போடும். இடையில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்களையும் மாற்றிக்கொள்ளும். பவர்பாயிண்டில் அந்த வசதி இல்லை. ஆதாரம் காட்ட விரும்புகிறவர் ஸ்லைடின் அடியில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை வைத்துச் சிறிய எழுத்தில் குறிப்பைத் தட்டச்சு செய்கிறார். வாக்கியத்தின் முடிவில் மேலே தூக்கிய சிறு எண்ணையும் கையாலேயே போடுகிறார். இடம் போதாவிட்டால் ஸ்லைடுக்குக் கீழுள்ள நோட்ஸ் பகுதியில் எழுதுகிறார். அடுத்த ஸ்லைடில் மறுபடியும் 1 என்று தொடங்குகிறார். கடைசியில் யாராவது முழுப் பட்டியலைக் கேட்கும்போது ஒரே கோப்பில் பத்து ‘1’கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூலைச் சுட்டுகிறது.

முதல் வேலை எல்லாக் குறிப்புகளையும் ஓரிடத்தில் திரட்டுவது. பலரும் கோப்பை அவுட்லைனாகச் சேமித்துப் பார்ப்பார்கள். அதில் தலைப்பும் வார்ப்புருவின் உரைப்பெட்டியில் எழுதியதும் மட்டுமே வரும். வேர்டுக்கு ஹேண்ட்அவுட்டாக அனுப்பினால் நோட்ஸ் எழுத்தாகக் கிடைக்கும், ஆனால் ஸ்லைடு படமாகப் போய்விடும். தனியாக வைத்த டெக்ஸ்ட் பாக்ஸ் இரண்டு வழியிலும் எழுத்தாகச் சிக்காது. அடிக்குறிப்புகளில் பெரும்பாலானவை இருப்பதோ அதில்தான். ஆகவே ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து பார்ப்பதைத் தவிர நம்பத்தகுந்த வழி இல்லை. விண்டோஸில் Alt+F10 அழுத்தினால் அந்த ஸ்லைடிலுள்ள எல்லாப் பெட்டிகளின் பெயர்களும் பக்கவாட்டில் தோன்றும். படத்துக்குப் பின்னால் மறைந்துபோன குறிப்பு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். வரைபடத்தை ஒட்டுப்படமாக வைத்திருந்தால், அதன் அடியில் அச்சான ‘ஆதாரம்’ என்ற வரியைக் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்துகொள்ள வேண்டியதுதான்.

நகலெடுக்கும்போது ஒரு சிறு பொறி இருக்கிறது. மேலே தூக்கிய எண் வெறும் எழுத்தாக ஒட்டப்படும்போது கீழே இறங்கி முன்னால் உள்ள எண்ணோடு சேர்ந்துவிடும். 57.0 சதவீதம் என்ற புள்ளிவிவரத்துக்குப் பின்னால் 2 என்ற குறி இருந்தால், ஒட்டிய இடத்தில் 57.02 என்று நிற்கும். பார்ப்பதற்குப் பிழையாகவே தோன்றாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

திரட்டியதை ஓர் அட்டவணையில் இடுவது நல்லது. ஸ்லைடு எண், அதிலிருந்த குறி, குறிப்பு எழுதப்பட்டிருந்தபடியே, அது எந்தச் செய்திக்கு ஆதாரம், திறந்து பார்த்து உறுதிசெய்த மூலம் என்று ஐந்து பத்திகள் போதும். நான்காவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் வழக்கைத் தீர்க்கும்.

ரத்தசோகையும் குழந்தைகளின் ஊட்டச்சத்தும் பற்றிய ஓர் உரையை எடுத்துக்கொள்வோம். 3ஆம் ஸ்லைடில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57.0 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று இருக்கிறது. ஆதாரம்: ‘தேசிய குடும்பநல ஆய்வு-5’. 9ஆம் ஸ்லைடின் நோட்ஸில் ‘மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், 2021’. பெயர்கள் வேறுபட்டாலும் ஆய்வு ஒன்றே: 2019-21இல் நடந்தது; நடத்தியது மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். அதற்காக இரண்டையும் உடனே ஒரே வரியாக்கிவிடக் கூடாது. அந்த ஆய்வுக்குச் சில பக்கங்களே கொண்ட தகவல் தாளும் உண்டு, பெரிய முழு அறிக்கையும் உண்டு. இவை இரண்டு வெளியீடுகள். 3ஆம் ஸ்லைடின் எண் தகவல் தாளிலிருந்தும், 9ஆம் ஸ்லைடின் விரிவான அட்டவணை அறிக்கையிலிருந்தும் எடுத்ததாக இருந்தால் பட்டியலில் இரண்டு பதிவுகள் வர வேண்டும்.

4ஆம் ஸ்லைடில், முந்தைய ஆய்வில் இதே விகிதம் 53.1 என்று இருக்கிறது, ஆதாரம் ‘மேலது’. 2015-16இல் நடந்த நான்காவது ஆய்வின் எண் இது. எனவே அதன் அறிக்கையைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றும். ஆனால் ஐந்தாவது ஆய்வின் தகவல் தாள் ஒப்பீட்டுக்காக நான்காவதன் எண்களையும் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. உரை தயாரித்தவர் பார்த்தது அந்தத் தாளை மட்டும்தான் என்றால் ‘மேலது’ சரியே. பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பது பொய்ச்சாட்சி போன்றது.

‘மேலது’ என்ற சொல்லே ஸ்லைடுகளில் ஆகாது. நூலில் பக்கங்கள் இடம் மாறுவதில்லை. ஸ்லைடுகளோ கடைசி நிமிடம்வரை முன்னும் பின்னும் இழுக்கப்படும். 4ஆம் ஸ்லைடை 13க்கு நகர்த்தினால், அந்த ‘மேலது’ அதற்கு முன் நிற்கும் வேறு எதையோ சுட்டும். எனவே இத்தகைய குறிப்பு கிடைத்தால் கோப்பின் பழைய பிரதியைத் திறந்து, முதலில் அது எதன் கீழ் இருந்தது என்று பார்க்க வேண்டும். பார்த்தவுடன் முழுப்பெயரை எழுதிவிட வேண்டும்.

12ஆம் ஸ்லைடில் ‘பிளாக் முதலியோர், லான்செட்’ என்று மட்டும் இருக்கிறது, ஆண்டு இல்லை. ராபர்ட் பிளாக் குழுவினர் தாய்சேய் ஊட்டச்சத்துக் குறைவு பற்றி அதே லான்செட் இதழில் 2008இலும் 2013இலும் எழுதியிருக்கிறார்கள். தலைப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தொடங்கும். எதைச் சேர்ப்பது? நான்காவது பத்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்லைடு சொல்வது, குழந்தை இறப்புகளில் 45 சதவீதத்துக்கு ஊட்டச்சத்துக் குறைவு அடிப்படைக் காரணம் என்பது. அது 2013 கட்டுரையின் கணக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 31 லட்சம் இறப்புகள். 2008 கட்டுரை சொன்னது 35 லட்சம். ஸ்லைடில் 45 சதவீதமும் 35 லட்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டு கட்டுரைகள் கலந்துவிட்டன என்று பொருள். அது பட்டியலில் தீரும் குறையல்ல. ஸ்லைடையே திருத்த வேண்டும்.

ஒன்றானவற்றை ஒன்றாக்கி வேறானவற்றைப் பிரித்த பிறகே எண் போட வேண்டும். மருத்துவத் துறையில் முதலில் தோன்றும் வரிசையில் எண் இடுவது வழக்கம்: 3ஆம் ஸ்லைடின் தகவல் தாள் 1 என்றால், அது மறுபடி எங்கே வந்தாலும் 1தான். ஸ்லைடு வரிசை உறுதியாகும்வரை இந்த எண்ணைத் தொடக் கூடாது. வரிசை இன்னும் மாறும் என்று தெரிந்தால் ஸ்லைடில் எண்ணுக்குப் பதிலாக ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டு, பட்டியலை அகரவரிசையில் அமைப்பது மேல். அப்போது எந்த ஸ்லைடை எங்கே நகர்த்தினாலும் குறி பிசகாது.

பட்டியல் முடிந்ததும் இரு திசையிலும் சரிபார்க்க வேண்டும். ஸ்லைடுகளிலுள்ள ஒவ்வொரு குறிக்கும் பட்டியலில் பதிவு உண்டா, பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் ஏதாவது ஒரு ஸ்லைடில் குறி உண்டா? இரண்டாவது கேள்வியில்தான் நீக்கப்பட்ட ஸ்லைடுகளின் ஆதாரங்கள் அகப்படும்.

எவ்வளவு தேடியும் சில குறிப்புகளின் மூலம் கிடைக்காது. ‘இணையம்’ என்றோ, இப்போது திறக்காத முகவரி என்றோ, வேறொருவரின் ஸ்லைடிலிருந்து எடுத்தது என்றோ இருக்கும். அதே எண் வேறு நல்ல ஆதாரத்தில் கிடைத்தால் அதைக் காட்டலாம். கிடைக்காவிட்டால் அந்த எண்ணையே ஸ்லைடிலிருந்து எடுத்துவிடுங்கள்.