விமானம் ஏறும் முன் விரலைப் பதியுங்கள்

திருச்சியிலிருந்து டொராண்டோவுக்கு, மகளின் பிரசவத்துக்காகப் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பென்ஷன் ஊரிலுள்ள வங்கியில் விழுகிறது. கரன்ட் பில்லையும் ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பும் பணத்தையும் அங்கிருந்தே வங்கிச் செயலியில் கட்டிவிடலாம் என்பது திட்டம். "மத்ததெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம்மா" என்கிறாள் மகள். அப்படித் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று உண்டு.

நம் ஊர் வங்கிச் செயலிகள் பெரும்பாலும் சிம் கார்டைப் பார்த்துத்தான் ஆளை நம்புகின்றன. முதல்முறை பதியும்போது, வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து போனே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எம்பின் அமைக்க முடியும். வெளிநாட்டு ரோமிங்கில் இந்த எஸ்எம்எஸ் சில நேரம் போகவே போகாது. விரல் ரேகை என்பது இந்தப் பதிவுக்கு மேல் போடும் இன்னொரு வசதி மட்டுமே. பதிவு கலைந்தால் அதுவும் போய்விடும். அதனால் செயலியைப் பதிவது, மொழியை மாற்றுவது, விரலை இணைப்பது மூன்றையும் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

மொழியை முதலில் மாற்றுங்கள். தமிழ் உள்ள செயலிகளில் நுழைவுத் திரையிலோ மெனுவிலோ மொழித் தேர்வு இருக்கும். மாற்றியதும் செயலி ஒருமுறை மூடித் திறந்து எம்பின் கேட்கலாம், ஊரிலேயே கேட்டுவிடட்டும். மெனு தமிழுக்கு வந்தாலும் வங்கியிலிருந்து வரும் ஓடிபி எஸ்எம்எஸ்களும் சில பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். ஆகவே பேலன்ஸ் பார்ப்பது, பணம் அனுப்புவது இரண்டையும் தமிழ்த் திரையில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். ஆங்கிலத்துக்குத் திரும்பும் வழியும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மொழியை முதலில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் அடுத்து வரும் ஒப்புதல் திரை. செட்டிங்ஸில் விரல் ரேகை நுழைவை இயக்கும்போது, எம்பினைக் கேட்டுவிட்டு, இந்தப் போனில் பதிவான எந்த விரலும் செயலியைத் திறக்கும் என்ற எச்சரிக்கையைப் பல செயலிகள் காட்டும். பலர் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் இடம் இது. விரல் ரேகை வங்கிக்குப் போவதில்லை, போனுக்குள்ளேயே தங்குகிறது. யாருடைய விரல் என்பது வங்கிக்குத் தெரியாது. பதிவான விரல்தான் என்று போன் சொல்வதை மட்டுமே செயலி ஏற்கிறது. விளையாட்டுக்காகப் பேரன் தன் விரலை முன்பே பதிந்திருந்தால் அவனாலும் திறக்க முடியும். முதலில் போனின் செட்டிங்ஸில் அந்த விரலை நீக்கிவிட்டு, அம்மாவின் இரு கைகளிலிருந்தும் ஒவ்வொரு விரலைப் பதியுங்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கனடாவின் குளிர்காலத்தில் தோல் வறண்டால் ஒரு விரலைப் போன் ஏற்காமல் போகலாம்.

முகத்தைக் காட்டித் திறப்பது ஐபோனில் பிரச்சினையில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் முன்கேமரா எடுக்கும் சாதாரணப் படத்தை வைத்தே முகத்தை அடையாளம் காண்பதால், போன் திறந்தாலும் வங்கிச் செயலி அதை ஏற்பதில்லை. செயலியில் முகத்துக்கான வழியே தென்படாவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம், விரலே போதும்.

இனி டொராண்டோ. உதவிக்காக மகள் தன் விரலையும் அம்மாவின் போனில் பதிகிறாள். மறுநாள் அம்மாவின் விரலுக்குப் போன் திறக்கிறது, வங்கிச் செயலி மட்டும் எம்பின் கேட்கிறது. இது பழுதல்ல. புதிய விரல் சேர்ந்தால் பழைய ஒப்புதலை ரத்து செய்யும்படி பல செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. திருடன் தன் விரலைச் சேர்த்துப் பணத்தை எடுத்துவிடாமல் இருக்கத்தான். எம்பின் நினைவிருந்தால், அதைப் போட்டு உள்ளே போய் விரல் நுழைவை மறுபடி இயக்கினால் போதும். மாதக்கணக்கில் விரலாலேயே திறந்து எம்பினை மறந்தவர்தான் மாட்டிக்கொள்வார். புதிதாக அமைக்க ஓடிபி வர வேண்டும். சிலவற்றில் டெபிட் கார்டும் வேண்டும். கிளம்பும் முன் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அணைத்துப் போட்டதும் விரலை ஏற்காமல் திரைப் பின்னைத்தான் போன் கேட்கும். அந்தப் பின்னையும் எம்பினையும் அம்மா பார்க்காமல் போட வேண்டும்.

விரல் செயலியைத் திறக்குமே தவிர, பணம் அனுப்பும்போது கேட்கும் ஓடிபிக்குப் பல செயலிகளில் மாற்றாகாது. ஆகவே இந்திய சிம்முக்கு சர்வதேச ரோமிங் இயங்க வேண்டும், அது போனிலேயே இருக்கவும் வேண்டும். டொராண்டோவில் இறங்கியதும் அதைக் கழற்றி உள்ளூர் சிம்மைப் போட்டால், சில செயலிகள் பழைய பதிவை மறந்து மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும். உள்ளூர் எண்ணை இரண்டாவது இடத்தில் போடுங்கள், அல்லது போன் ஏற்றால் இ-சிம்மாக வாங்குங்கள். செயலியை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். பதிவு முதலிலிருந்து தொடங்கும்.