இரண்டு கான்டாக்டரும் ஒன்றாக இழுத்தால்

மூட்டை ஏற்றும் ஹாயிஸ்ட்டில் 'அப்', 'டவுன்' என்று இரண்டு பொத்தான்கள் தொங்கும். மோட்டார் ஒன்றுதான். மூன்று ஃபேஸ் மோட்டாரை எதிர்த்திசையில் சுற்றவைக்க, ஏதேனும் இரண்டு ஃபேஸை இடம் மாற்றினால் போதும். அதற்காகத்தான் பேனலில் இரண்டு கான்டாக்டர்கள். ஒன்று சிவப்பு, மஞ்சள், நீலத்தை அப்படியே மோட்டாருக்கு அனுப்பும். மற்றது சிவப்பையும் நீலத்தையும் மாற்றி அனுப்பும்.

இரண்டும் சேர்ந்து இழுத்தால் சிவப்பும் நீலமும் நேருக்கு நேர் சேர்ந்துவிடும், இடையில் மோட்டார் இருக்காது. 5 குதிரைத்திறன் மோட்டார் 415 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் அளவில் எடுக்கும். இந்த ஷார்ட்டிலோ ஆயிரக்கணக்கில் பாயக்கூடும்.

இதைத் தடுப்பதுதான் இன்டர்லாக். கான்டாக்டர் இழுக்கும்போது திறந்துகொள்ளும் சிறு துணைப் பாயின்ட் ஒன்று அதில் உண்டு, எலக்ட்ரீஷியன்கள் 'என்.சி.' என்பார்கள். 'அப்' கான்டாக்டரின் என்.சி. வழியாகத்தான் 'டவுன்' காயிலுக்கு மின்சாரம் போகும். 'அப்' காயிலுக்கு 'டவுன்' என்.சி. வழியாக. ஒன்று இழுத்திருக்கும்வரை மற்றதன் காயிலுக்குச் சப்ளையே இல்லை.

பொத்தானிலேயே தடை வைத்தால் போதாதா? போதாது. அடிக்கடி ஓடி நிற்கும் ஹாயிஸ்ட்டில் 'அப்' கான்டாக்டரின் முக்கியப் பாயின்ட் சூட்டில் ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பொத்தானை விட்டாலும் கொக்கி மேலே போய்க்கொண்டே இருக்கும். பதறியவர் 'டவுனை' அழுத்துவார். பொத்தான்களைப் பொறுத்தவரை அதில் தவறில்லை. பி.எல்.சி. புரோகிராமும் 'அப்' கட்டளையை நிறுத்திவிட்டதாகவே நம்பியிருக்கும். ஒட்டியது என்.சி.க்கு மட்டுமே தெரியும். அதுவும் எந்த என்.சி.க்கும் தெரியாது. முக்கியப் பாயின்ட் மூடியிருக்கும்போது தானும் மூடவே முடியாதபடி இணைத்துச் செய்ததாக இருக்க வேண்டும். அதற்கு 'மிரர் கான்டாக்ட்' என்று பெயர்.

ஷார்ட் தவிர்ந்தது, சரி. ஆனால் கொக்கி நிற்கவில்லையே! இன்டர்லாக் அதை நிறுத்தாது; காயிலை மட்டும் வெட்டும் லிமிட் சுவிட்சும் நிறுத்தாது. மெயினை அணைக்க வேண்டும், அல்லது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டும் மேல் லிமிட் இருக்க வேண்டும்.

இரு கான்டாக்டர்களுக்கும் நடுவே மெக்கானிக்கல் இன்டர்லாக் என்றொரு கட்டையும் பொருத்துவார்கள். ஒன்று உள்ளே போனால் மற்றதை அது நகரவிடாது. அதை மட்டும் நம்பி என்.சி. வயரிங்கை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. தடுக்கப்பட்ட காயிலுக்குச் சப்ளை வந்துகொண்டிருந்தால், முழுதாக இழுக்க முடியாமல் அது உறுமும், வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும், கொஞ்ச நேரத்தில் கருகும். உறுமல் கேட்டாலே இன்டர்லாக் வயரிங்கைச் சந்தேகிக்கலாம்.

சோதிப்பது எளிது. மெயினையும் கன்ட்ரோல் சப்ளையையும் அணைத்துப் பூட்டி, சப்ளை இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்தபின், 'அப்' கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பிடித்து அதன் என்.சி.யில் மீட்டரை வையுங்கள். பீப் நிற்க வேண்டும். அடுத்து 'டவுன்' கான்டாக்டரிலும் அதேபோல் பார்க்க வேண்டும். பலர் ஒரு பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள்.